ஒரு பக்கம், ஒரு பொறுப்பு: பேரிடர் நேரத்தில் மருத்துவமனை ஊழியர் கையில் இருக்கும் அட்டை

2005 ஜூலை 7, காலை 8.50 மணி. லண்டனில் மூன்று சுரங்க ரயில்களில் குண்டுகள் வெடித்தன. சுமார் ஒரு மணி நேரம் கழித்து ஒரு பேருந்தில் நான்காவது குண்டு வெடித்தது. பொதுமக்களில் 52 பேர் மாண்டனர். 700க்கும் அதிகமானோர் காயமுற்றனர்.

ராயல் லண்டன் மருத்துவமனைக்கு மட்டும் அன்று 194 பேர் வந்து சேர்ந்தனர். அவர்களில் 27 பேருக்குக் கடுமையான காயம். உயிருக்குப் போராடுவோரைக் கவனிக்கும் அறை 15 நிமிடங்களுக்குள் நிரம்பிவிட்டது.

அந்த 15 நிமிடத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. எல்லாப் பெரிய மருத்துவமனைகளிலும் பேரிடர்த் திட்டம் ஒன்று இருக்கும். தடிமனான கோப்பாக அது அலமாரியில் இருக்கும், அல்லது கணினியில் எங்கேயோ ஒரு ஃபோல்டரில் இருக்கும். அதைத் திறந்து, தனக்குரிய பக்கத்தைத் தேடி, படித்து முடிப்பதற்குள் அந்த 15 நிமிடம் போய்விடும்.

அதனால்தான் திட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொருவர் கையிலும் ஒரு பக்கம் மட்டும் கொடுக்கிறார்கள். பிரிட்டனில் அதை 'ஆக்‌ஷன் கார்டு' என்பார்கள். அமெரிக்க மருத்துவமனைகளில் கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்யும் தாளுக்கு 'ஜாப் ஆக்‌ஷன் ஷீட்' என்று பெயர். தமிழில் 'செயல் அட்டை' என்று வைத்துக்கொள்வோம்.

பார்க்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும். ஆனால் அதில் ஒரு வரி தவறினால் ஒருவருக்கு வேறொருவரின் ரத்தம் ஏற்றப்படலாம். எப்படி என்று பார்ப்போம்.

அட்டை யாருடையது?

செயல் அட்டையில் ஆளின் பெயர் இருக்காது. பொறுப்பின் பெயர்தான் இருக்கும். 'அவசரச் சிகிச்சைப் பிரிவின் பொறுப்புத் தாதி', 'தொலைபேசி ஆபரேட்டர்', 'நுழைவாயில் பாதுகாவல் அதிகாரி' என்பதுபோல.

காரணம் எளிது. விபத்து எப்போது நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. திட்டத்தை எழுதிய மூத்த அதிகாரி அதிகாலை 2 மணிக்கு வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். பணியில் இருப்பவர் சென்ற மாதம் வேலைக்குச் சேர்ந்தவராக இருக்கலாம். அட்டை அவருக்காக எழுதப்படுகிறது.

நல்ல அட்டையின் தலைப்பகுதியில் மூன்று விவரங்கள் இருக்கும். உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் யாரிடம் தகவல் சொல்ல வேண்டும், உங்கள் இடம் எது. அதற்குக் கீழே வரிசையாகச் செயல்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கட்டம். செய்து முடித்ததும் டிக் செய்து நேரத்தை எழுத வேண்டும்.

அந்தக் கட்டம் எதற்கு? இரவில் ஆள் குறைவு. அதனால் பணியில் இருக்கும் மூத்த தாதி ஒருவரே மூன்று, நான்கு அட்டைகளைக் கையில் வைத்திருக்க நேரிடும். மூத்த அதிகாரிகள் ஒவ்வொருவராக வந்து சேரும்போது அவர் ஒவ்வோர் அட்டையாகக் கைமாற்றிவிடுவார். வாங்குபவர் டிக் செய்த இடத்தைப் பார்த்தால் போதும், எங்கிருந்து தொடர வேண்டும் என்று புரிந்துவிடும். "இதைச் செஞ்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

முதல் அட்டை மருத்துவருடையது இல்லை

பலர் ஒரே நேரத்தில் காயமடைந்தால் மருத்துவமனையில் முதலில் செயல்படுபவர் யார்? அறுவை சிகிச்சை நிபுணர் என்றுதான் தோன்றும். பல மருத்துவமனைகளில் அது தொலைபேசி ஆபரேட்டர். ஆம்புலன்ஸ் சேவையின் அழைப்பு அவருக்குத்தான் வரும்.

அவருடைய அட்டை ஏறக்குறைய இப்படி இருக்கும்:

1. அழைத்தவர் சொன்னதை அப்படியே எழுதுங்கள். நேரத்தையும் எழுதுங்கள்.
2. அழைத்தவரின் பெயர், பதவி, தொலைபேசி எண்ணைக் கேளுங்கள்.
3. எழுதியதை அவருக்குத் திரும்பப் படித்துக் காட்டுங்கள்.
4. அந்த எண்ணுக்கு நீங்களே அழைத்து, தகவல் உண்மைதானா என்று உறுதி செய்யுங்கள்.
5. பட்டியல் 1இல் உள்ள 8 பேரை மேலிருந்து கீழாக அழையுங்கள். பதில் இல்லை என்றால் ஒரு குறி போட்டுவிட்டு அடுத்தவருக்குப் போங்கள்.
6. ஒவ்வொருவரிடமும் இந்த வாக்கியத்தை மட்டும் சொல்லுங்கள். (வாக்கியம் அட்டையிலேயே அச்சிடப்பட்டிருக்கும்.)

முதல் வரியைக் கவனித்தீர்களா? 'அப்படியே எழுதுங்கள்.' அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

பிரிட்டனில் இந்தச் சூழ்நிலைக்கு நான்கே நான்கு செய்திகளைத்தான் பயன்படுத்துவார்கள். பெருஞ்சம்பவம், தயார்நிலை என்பது ஒன்று. பெருஞ்சம்பவம் அறிவிக்கப்பட்டது, திட்டத்தைச் செயல்படுத்துங்கள் என்பது இரண்டாவது. மூன்றாவது, ரத்து. நான்காவது, முடிவுக்கு வந்தது.

'தயார்நிலை' என்றால் தகவல் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். 'செயல்படுத்துங்கள்' என்றால் திட்டமிட்ட அறுவை சிகிச்சைகள் நிறுத்தப்படும், வார்டுகள் காலி செய்யப்படும், ஊழியர்கள் வீட்டிலிருந்து வரவழைக்கப்படுவார்கள். ஆபரேட்டர் இதைத் தன் சொந்த வார்த்தையில் "ஏதோ பெரிய விபத்தாம், ரெடியா இருக்கச் சொல்றாங்க" என்று சொன்னால், கேட்பவர் எதை எடுத்துக்கொள்வார்? அதற்காகத்தான் வாக்கியத்தையே அச்சடித்துக் கொடுக்கிறார்கள்.

இப்போது ஐந்தாவது வரி. ஏன் 8 பேர் மட்டும்?

சரி, ஒரு கணக்குப் போடுவோம். வரவழைக்க வேண்டியவர்கள் 40 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அழைப்புக்கு ஒன்றரை நிமிடம். ஆபரேட்டர் ஒருவரே எல்லாரையும் அழைத்தால் 60 நிமிடம் ஆகும். லண்டனில் அந்த அறை 15 நிமிடத்தில் நிரம்பியது நினைவிருக்கிறதா?

மாறாக, ஆபரேட்டர் 8 பேரை அழைக்கிறார். 12 நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த 8 பேரும் ஆளுக்கு 4 பேரை அழைக்க வேண்டும் என்று அவர்களுடைய அட்டையில் இருக்கிறது. அதற்கு 6 நிமிடம். எட்டாவது நபருக்குத் தகவல் போய், அவர் தன் நான்கு பேரை அழைத்து முடிக்கும்போது மொத்தம் 18 நிமிடம். அதே 40 பேர், மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம்.

குறுஞ்செய்தியில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பலாமே என்று கேட்பீர்கள். பல மருத்துவமனைகள் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் அதிகாலை 2 மணிக்குப் பலருடைய கைப்பேசி சைலண்டில் இருக்கும். செய்தி போய்ச் சேர்ந்ததா, படித்தார்களா, வருகிறார்களா என்பது பதில் வந்தால்தான் தெரியும். பெரிய சம்பவத்தின்போது கைப்பேசி இணைப்பே நெரிசலில் சிக்கும். அதனால் தொலைபேசிப் பட்டியலும் கையில் இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். கூப்பிட்டவுடன் எல்லாரும் ஓடி வரக்கூடாது. 40 பேரும் 2 மணிக்கே வந்துவிட்டால், மறுநாள் பிற்பகலில் வேலை பார்க்கத் தெம்புள்ள ஆள் இருக்காது. அதனால் சிலருடைய பட்டியலில் 'இப்போது வாருங்கள்' என்று இருக்கும். வேறு சிலருக்கு, 'தூங்குங்கள், காலை 8 மணிக்கு வாருங்கள்' என்று இருக்கும்.

கதவைப் பூட்டுவதும் சிகிச்சைதான்

பாதுகாவல் அதிகாரியின் அட்டை பெரும்பாலும் மிகச் சிறியது. முதல் வரி: குறிப்பிட்ட ஒரு நுழைவாயிலைத் தவிர மற்ற எல்லாக் கதவுகளையும் பூட்டுங்கள்.

காயமுற்ற எல்லாரும் ஆம்புலன்ஸில் வருவார்கள் என்று நினைக்க வேண்டாம். நடக்க முடிந்தவர்கள் டாக்சி பிடித்து வருவார்கள், நண்பரின் காரில் வருவார்கள், நடந்தே வருவார்கள். பல நேரங்களில் ஆம்புலன்சுக்கு முன்பே இவர்கள் வந்துவிடுவார்கள். கதவுகள் திறந்திருந்தால், லேசான காயம் உள்ளவர்கள் படுக்கைகளில் இருப்பார்கள். கடும் காயத்தோடு பிறகு வருபவருக்கு இடம் இருக்காது.

இன்னும் மோசமான ஒரு சூழ்நிலையும் உண்டு. 1995 மார்ச் 20ஆம் தேதி தோக்கியோ சுரங்க ரயில்களில் சரின் என்னும் நச்சு வாயு பரப்பப்பட்டது. செயின்ட் லூக்ஸ் மருத்துவமனைக்கு அன்று 640 பேர் வந்தனர். வந்தவர்களின் உடையில் நச்சு ஒட்டியிருப்பது ஆரம்பத்தில் தெரியவில்லை. அவர்களைக் கவனித்த மருத்துவமனை ஊழியர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்கும் பாதிப்பின் அறிகுறிகள் தெரிந்தன.

அதனால் பாதுகாவல் அதிகாரியின் அட்டையில் இப்படி ஒரு வரி தேவை: 'பலருக்கு ஒரே நேரத்தில் கண் எரிச்சல், மூச்சுத் திணறல், அல்லது உடையில் விநோத வாடை இருந்தால் உள்ளே விடாதீர்கள். வெளியிலேயே நிறுத்தி, பொறுப்புத் தாதியை அழையுங்கள்.'

கவனியுங்கள். 'ரசாயனக் கசிவு ஏற்பட்டிருந்தால்' என்று அந்த வரி தொடங்கவில்லை. அது ரசாயனமா என்று கதவருகே நிற்பவருக்கு எப்படித் தெரியும்? அவர் கண்ணால் பார்க்கக்கூடியதை வைத்து எழுதப்பட்டிருக்கிறது. அட்டை எழுதுவதில் சிரமமான வேலை இதுதான். எழுதுபவருக்குத் தெரிந்ததை வைத்து எழுதக்கூடாது. அந்த இடத்தில் நிற்பவருக்கு என்ன தெரியுமோ அதை வைத்து எழுத வேண்டும்.

ஓர் எண் மாறினால்?

அடுத்து, பதிவு முகப்பில் உட்கார்ந்திருப்பவர். வழக்கமான நாளில் அடையாள அட்டையை வாங்கிப் பதிவு செய்வார். பேரிடரின்போது வருபவர் மயக்கத்தில் இருப்பார். பை தொலைந்திருக்கும். பெயர் தெரியாது.

அதற்காக முன்கூட்டியே பைகள் தயாராக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு தற்காலிக எண், அதே எண் போட்ட கைப்பட்டை, ரத்த மாதிரிக்கான லேபிள்கள், எக்ஸ்ரே படிவம். ஆள் வந்தவுடன் ஒரு பை. கைப்பட்டையைக் கட்டிவிட்டால் போதும், சிகிச்சையைத் தொடங்கலாம்.

சிக்கல் எங்கே வரும் தெரியுமா? அந்த எண்கள் வரிசையாக இருந்தால். 700451, 700452, 700453 என்று பக்கத்துப் பக்கத்துப் படுக்கைகளில் மூன்று பேர். மூவருக்கும் வயது தெரியாது, பெயர் தெரியாது. ரத்த வங்கியிலிருந்து பை வருகிறது. படபடப்பில் கடைசி எண்ணைத் தவறாகப் படித்தால், ஒருவருக்குரிய ரத்தம் இன்னொருவருக்குப் போய்விடும். பொருந்தாத ரத்தப் பிரிவு உயிரைப் பறிக்கலாம்.

2018 டிசம்பரில் இங்கிலாந்தின் தேசியச் சுகாதாரச் சேவை இதைப் பற்றி மருத்துவமனைகளுக்கு ஓர் எச்சரிக்கையே விடுத்தது. அடையாளம் தெரியாதவர்களுக்கு வரிசை எண்களைக் கொடுக்க வேண்டாம், ஒன்றோடொன்று குழம்பாத பெயரையும் எண்ணையும் கொடுங்கள் என்பது அதன் சாரம்.

இதனால் பதிவு முகப்பு அட்டையில் ஒரு வரி சேரும்: 'உண்மைப் பெயர் தெரியவந்தாலும், தற்காலிக அடையாளத்தை நீங்களாக மாற்றாதீர்கள்.' உறவினர் வந்து பெயரைச் சொன்னவுடன் பதிவை மாற்றத்தான் கை போகும். நல்லெண்ணம்தான். ஆனால் ரத்த மாதிரி ஏற்கெனவே பழைய எண்ணில் ஆய்வுக்கூடத்துக்குப் போயிருக்கும். இங்கே பெயரை மாற்றினால் அங்கே அந்த மாதிரி யாருடையது என்று தெரியாமல் போய்விடும். எப்போது மாற்றுவது என்பதை அந்த நோயாளியைக் கவனிக்கும் குழு முடிவு செய்யும்.

அட்டைகள் எங்கே சறுக்கும்?

தனித்தனியாகப் பார்த்தால் எல்லா அட்டைகளும் சரியாக இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஓட்டை தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டு. அவசரச் சிகிச்சைப் பிரிவின் பொறுப்புத் தாதியுடைய அட்டையில், 'அனுமதிக்கக் காத்திருக்கும் நோயாளிகளை உடனே வார்டுக்கு அனுப்புங்கள்' என்று இருக்கிறது. வார்டுத் தாதியின் அட்டையில், 'படுக்கை மேலாளர் அழைத்ததும் நோயாளியை ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று இருக்கிறது. படுக்கை மேலாளரின் அட்டையில், 'வார்டுகளிலிருந்து காலிப் படுக்கைகளின் எண்ணிக்கை வந்ததும் ஒதுக்கீட்டைத் தொடங்குங்கள்' என்று இருக்கிறது.

மூன்றையும் சேர்த்துப் படியுங்கள். வார்டு, மேலாளரின் அழைப்புக்காகக் காத்திருக்கிறது. மேலாளர், வார்டு எண்ணிக்கை சொல்லும் என்று காத்திருக்கிறார். எண்ணிக்கையைச் சொல்லுங்கள் என்று வார்டு அட்டையில் எந்த வரியும் இல்லை! இடையில் நோயாளிகள் தள்ளுகட்டிலோடு நடைபாதையில் நிற்கிறார்கள். மூன்று பேருமே அட்டையில் இருந்ததைத்தான் செய்தார்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. எல்லா அட்டைகளையும் ஒரு மேசையில் பரப்புங்கள். 'இன்னாரிடம் சொல்லுங்கள்', 'இன்னாரிடமிருந்து வரும்' என்ற வரிகளை எல்லாம் அடிக்கோடிடுங்கள். ஓர் அட்டையில் கொடுப்பவர் இருந்தால் இன்னோர் அட்டையில் வாங்குபவர் இருக்க வேண்டும். ஜோடி சேராத வரிதான் ஓட்டை. இங்கே வார்டு அட்டையின் முதல் வரியாக, '10 நிமிடத்துக்குள் காலிப் படுக்கைகளின் எண்ணிக்கையைப் படுக்கை மேலாளரிடம் சொல்லுங்கள்' என்று சேர்த்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும்.

இரண்டாவது சறுக்கல் மொழியில் இருக்கிறது. 'போதிய ஊழியர்கள் இருப்பதை உறுதி செய்யவும்' என்று சில அட்டைகளில் இருக்கும். படித்தவர் என்ன செய்வார்? எத்தனை பேர் போதும்? இல்லை என்றால் யாரிடம் கேட்பது? அதையே 'பணியில் இருப்பவர்களை எண்ணுங்கள். 6 பேருக்குக் குறைவாக இருந்தால் பணிமனை அறைக்கு அழைத்து ஆள் கேளுங்கள்' என்று எழுதினால் கை தானாக வேலை செய்யும்.

மூன்றாவது, தொலைபேசி எண்கள். ஆள் மாறியிருப்பார், எண் மாறியிருக்கும். லேமினேட் செய்த அட்டை மட்டும் மாறாமல் அப்படியே இருக்கும். அதனால் அட்டையின் அடியில் தேதி இருக்க வேண்டும். எண்களை அட்டையில் அச்சடிக்காமல் தனித் தாளில் வைத்து, அடிக்கடி சரிபார்ப்பது இன்னும் நல்லது.

ஒத்திகையில் என்ன பார்க்க வேண்டும்?

லண்டன் சம்பவம் நடந்து ஆறு மாதத்தில், 2006 ஜனவரி 8ஆம் தேதி, சிங்கப்பூரில் 'நார்த்ஸ்டார் 5' என்ற மாபெரும் ஒத்திகை நடந்தது. நான்கு எம்ஆர்டி நிலையங்களிலும் தோ பாயோ பேருந்து முனையத்திலும் குண்டு வெடித்ததுபோல் பாவனை செய்தார்கள். லண்டனில் நடந்தது இங்கே நடந்தால் என்ன செய்வோம் என்பதுதான் கேள்வி.

அவ்வளவு பெரிய ஒத்திகையைத் தினமும் நடத்த முடியாது. ஆனால் ஓர் அட்டையைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். அந்த அட்டையை இதுவரை பார்க்காத ஒருவரிடம் கொடுங்கள். "சத்தமாகப் படித்து, செய்வதுபோல் நடித்துக் காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். அவர் எந்த வரியில் நின்று "இது எங்க இருக்கு?" அல்லது "இது யாரு?" என்று கேட்கிறாரோ, அந்த வரியைத் திருத்த வேண்டும்.

அழைப்புப் பட்டியலுக்கும் இதேபோல் ஒரு சோதனை உண்டு. முன்னறிவிப்பு இல்லாமல் ஓர் இரவில் எல்லாரையும் அழைத்து, "இது சோதனை, நீங்கள் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்?" என்று மட்டும் கேட்பது. பகலில் செய்தால் எல்லாரும் எடுப்பார்கள். இரவில் செய்தால்தான் உண்மை நிலவரம் தெரியும்.

அட்டையால் முடியாதது

அட்டை முடிவெடுக்காது. இருவருக்கு உடனே அறுவை சிகிச்சை தேவை, கூடம் ஒன்றுதான் இருக்கிறது என்றால், யாரை முதலில் அனுப்புவது என்று எந்த அட்டையிலும் எழுத முடியாது. அதை அனுபவமுள்ள மருத்துவர் அந்த இடத்தில் நின்று தீர்மானிக்க வேண்டும். கதவு, தொலைபேசி, கைப்பட்டை, படுக்கை ஆகியவற்றைப் பற்றி அவர் யோசிக்கத் தேவையில்லாமல் செய்வதுதான் மற்ற அட்டைகளின் வேலை.

எப்போது நிறுத்துவது என்பதும் அட்டையில் இருக்க வேண்டும். சம்பவ இடத்திலிருந்து கடைசி ஆள் அனுப்பப்பட்டதும் ஆம்புலன்ஸ் சேவை 'முடிவுக்கு வந்தது' என்று அறிவிக்கும். மருத்துவமனைக்கு அது முடிவு இல்லை. அறுவை சிகிச்சைகள் மறுநாள் வரை நீளலாம். ராயல் லண்டன் மருத்துவமனையில் முதல் 15 மணி நேரத்தில் 264 அலகு ரத்தமும் ரத்தக் கூறுகளும் தேவைப்பட்டன. அதனால் மருத்துவமனை தன் முடிவைத் தானே அறிவிக்கும். அட்டையின் கடைசி வரி பெரும்பாலும் இதுவாக இருக்கும்: 'மருத்துவமனை அறிவிக்கும்வரை இடத்தைவிட்டு நகராதீர்கள். முடிந்ததும் டிக் செய்த அட்டையை ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.'

அந்த அட்டைகள் தூக்கி எறியப்படுவதில்லை. எந்த வேலை எத்தனை மணிக்கு நடந்தது என்பதற்கு அவைதான் பதிவு. பின்னர் நடக்கும் விசாரணையில் அவற்றையும் பார்ப்பார்கள்.

நீங்களோ உங்கள் குடும்பத்தில் ஒருவரோ மருத்துவமனையில் வேலை செய்தால், அடுத்த பணிநேரத்தில் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். என் அட்டை எங்கே இருக்கிறது? அதன் அடியில் என்ன தேதி போட்டிருக்கிறது? முதல் வரியைப் படித்தவுடன், யாரிடமும் கேட்காமல் அதை என்னால் செய்ய முடியுமா? மூன்றாவது கேள்விக்குப் பதில் 'இல்லை' என்றால், அந்த வரியைக் குறித்துக்கொண்டு மேலதிகாரியிடம் சொல்லுங்கள். அட்டையைத் திருத்த ஒரு புதிய கண் வேண்டும். அது உங்களுடையதாக இருக்கலாம்.